ஒரு கிரைண்டர், பல உரிமைகள்: பேட்டன்ட், காப்பிரைட், டிரேட்மார்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு பட்டறைக்காரர்களுக்கு இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையே இங்கே எடுத்திருக்கிறேன். உதாரணத்துக்குக் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு பட்டறை. பட்டறையும் அதன் 'மைனா' என்ற பெயரும் கற்பனை. சட்டமும் கட்டணமும் இந்தியாவில் நடைமுறையில் இருப்பவை.

காப்புரிமை, பதிப்புரிமை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நாம் பயன்படுத்தும் சொல்தான். மருந்துக் கம்பெனி செய்தியிலும் 'காப்புரிமை' என்று போடுகிறார்கள், சினிமாப் பாட்டுத் தகராறிலும் அதையே போடுகிறார்கள். முதலாவது பேட்டன்ட், இரண்டாவது காப்பிரைட். இரண்டுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, காலக்கெடுவும் வேறு. குழப்பம் வராமல் இருக்க, பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும், டிரேட்மார்க்கை வணிகக்குறி என்றும் சொல்கிறேன்.

ஒரே பொருளை வைத்து மூன்றையும் விளக்க முடியுமா?

நம் பட்டறையின் கிரைண்டரை மேசை மேல் வைத்துப் பாருங்கள். மாவு ஆட்டும்போது டிரம்மின் ஓரத்தில் மாவு ஒட்டிக்கொண்டு, கல்லுக்கு அடியில் போகாமல் நிற்கும். அதைத் தள்ளிவிட உள்ளே ஒரு பலகை இருக்கும். நாளாக ஆக அந்தப் பலகை தேய்ந்து, டிரம்மின் சுவருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். அப்புறம் கையை விட்டுத்தான் தள்ள வேண்டும். நம் பட்டறைக்காரர் பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்தார். பலகை எவ்வளவு தேய்ந்தாலும் ஸ்பிரிங் அதைச் சுவரோடு அழுத்திக்கொண்டே இருக்கும்.

இந்த ஸ்பிரிங் ஏற்பாடு ஒரு தொழில்நுட்பப் பிரச்சினைக்குக் கண்டுபிடித்த தீர்வு. அதைக் காப்பது பேட்டன்ட். கிரைண்டரோடு வரும் கையேடு, அதிலுள்ள படங்கள், விளம்பரப் பாட்டு, டைமரை இயக்கும் நிரலின் வரிகள் ஆகியவை ஒருவர் உட்கார்ந்து எழுதியவை, வரைந்தவை, இசைத்தவை. அவற்றைக் காப்பது பதிப்புரிமை. 'மைனா' என்ற பெயரும் பெட்டி மேல் இருக்கும் பறவைச் சின்னமும், இது யார் செய்த சரக்கு என்பதை வாங்குகிறவருக்குச் சொல்கின்றன. அவற்றைக் காப்பது வணிகக்குறி.

பேட்டன்ட் இருந்தும் பெயரைப் பதியாவிட்டால், எதிராளி ஸ்பிரிங் இல்லாத கிரைண்டரில் 'மைனா' என்று ஒட்டி விற்கப் பார்ப்பான். பெயர் மட்டும் பதிந்திருந்தால், அதே ஸ்பிரிங்கை வேறு பெயரில் விற்பான். ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது.

என் மனதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதற்கு பேட்டன்ட் கிடைக்குமா?

வெறும் யோசனைக்குக் கிடைக்காது. 'கையை விடாமல் மாவு ஆட்ட வேண்டும்' என்பது ஆசை. 'இப்படி ஒரு ஸ்பிரிங்கை இந்த இடத்தில் இப்படிப் பொருத்தினால் கையை விட வேண்டியதில்லை' என்பதுதான் கண்டுபிடிப்பு. தொழில் தெரிந்த இன்னொருவர் நீங்கள் எழுதியதைப் படித்து அதே பொருளைச் செய்ய முடிய வேண்டும்.

பேட்டன்ட் அலுவலகத்தின் பரிசோதகர் முக்கியமாக மூன்றைப் பார்ப்பார். உலகத்தில் எங்கேயாவது இது முன்பே வெளியாகியிருக்கிறதா? அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கே தோன்றிவிடக் கூடியதா? தொழிலில் பயன்படுமா? மூன்றாவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. இரண்டாவதில்தான் நிறைய விண்ணப்பங்கள் விழுகின்றன. 'ஸ்பிரிங் எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று பரிசோதகர் கேட்பார். கிரைண்டரின் ஈரத்திலும் அதிர்விலும் சாதாரண ஸ்பிரிங் ஏன் நிற்கவில்லை, நீங்கள் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். தோற்றுப்போன மாதிரிகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

பாட்டி சொன்ன கைவைத்தியத்தை நான் பேட்டன்ட் செய்யலாமா?

முடியாது. பாரம்பரிய அறிவு அப்படியே கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆவது பிரிவே சொல்கிறது. இதற்கு மஞ்சள் வழக்கைச் சொல்வேன். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தது. 'எங்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறோம்' என்று வாயால் சொன்னால் அங்கே எடுபடாது. அதனால் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 1997-இல் அமெரிக்க பேட்டன்ட் அலுவலகம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்ட உரிமைகளை நிராகரித்தது. புதுமை இல்லை என்பதை அச்சில் வந்த தாள்களே நிரூபித்தன.

எக்ஸிபிஷனில் மிஷினைக் காட்டிவிட்டேன். இப்போது பேட்டன்ட் போடலாமா?

பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நான் அதிகம் பார்க்கும் இழப்பு இதுதான். ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஓர் உதிரிப் பாகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். அருமையான வேலை. பேசிக்கொண்டே இருக்கும்போது போனை எடுத்து, 'இது ஓடுகிறதைப் பாருங்கள்' என்று யூடியூபில் தானே போட்ட வீடியோவைக் காட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏற்றியது. உள்பாகம் முழுவதும் அதில் தெரிந்தது. அந்த வீடியோவே அவருடைய புதுமையைக் கெடுத்துவிட்டது. தன் கண்டுபிடிப்பைத் தானே வெளியிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளியானதுதான்.

சில நாடுகளில் இதற்குப் பொதுவாகவே சலுகைக் காலம் உண்டு. இந்தியாவில் விதிவிலக்கு மிகக் குறுகியது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தால், அல்லது கற்றறிந்தோர் சங்கத்தில் கட்டுரையாக வாசித்திருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஊரில் நடக்கிற ஒவ்வொரு தொழில் கண்காட்சியும் அந்த அறிவிப்பில் வந்துவிடாது. ஸ்டால் போடுவதற்கு முன் அமைப்பாளரிடம் அரசிதழ் அறிவிப்பைக் கேளுங்கள். அவர் தயங்கினால், அப்படி ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழி சுலபமானது. முதலில் ஒரு தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, அதற்குப் பிறகு காட்டுங்கள். தற்காலிகம் என்றால் முழு வரைவு வேண்டாம், கண்டுபிடிப்பின் சாரம் இருந்தால் போதும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பை அடுத்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், தேதியும் போய்விடும்.

லேத் பட்டறைக்காரரிடம் பாகம் செய்யக் கொடுக்கிறீர்களா? யாரிடமும் காட்டக்கூடாது என்று இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரகசியமாகக் காட்டியது வெளியீடு ஆகாது. ஆனால் ரகசியமாகத்தான் காட்டினேன் என்று பின்னால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் எந்தப் பகுதி முக்கியம்?

கடைசியில் வரும் கோரிக்கைகள். மற்ற பக்கங்கள் கண்டுபிடிப்பை விளக்கும். உங்கள் வேலி எதுவரை என்று சொல்வது கோரிக்கைகள்தான். நம் பட்டறைக்காரர் முதலில் இப்படி எழுதிக்கொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம்:

'மாவைத் தள்ளும் பலகையின் பின்புறம் பொருத்தப்பட்ட துருப்பிடிக்காத எஃகுச் சுருள் ஸ்பிரிங் கொண்ட கிரைண்டர்.'

அவர் செய்தது அதைத்தான், ஒரு பொய்யும் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரர் எஃகுச் சுருளுக்குப் பதிலாக ஒரு ரப்பர் துண்டை வைத்தால் போதும், இந்த வேலிக்கு வெளியே போய்விட்டதாக வாதாட அவருக்கு இடம் கிடைத்துவிடும். சரி என்று நேர் எதிராக, 'மாவைத் தானாகத் தள்ளும் எந்த ஏற்பாடும்' என்று எழுதினால்? பழைய பலகைகளும் அதற்குள் வந்துவிடும். புதுமை இல்லை என்று பரிசோதகர் தூக்கி எறிவார்.

நடுவே இருக்கிறது சரியான அளவு: 'மாவுப் பலகை தேயும்போதும் டிரம்மின் உள்சுவரோடு ஒட்டியே நிற்கும்படி அதைத் தொடர்ந்து அழுத்தும் ஒரு மீள்தன்மை உறுப்பு.' இதில் ஸ்பிரிங்கும் அடங்கும், ரப்பரும் அடங்கும். பழைய பலகைகளில் இந்த உறுப்பு இல்லை. இதற்குக் கீழே, 'அந்த மீள்தன்மை உறுப்பு எஃகுச் சுருளாக இருப்பது' என்று இரண்டாவது கோரிக்கையைச் சேர்க்கலாம். அகலமான முதல் கோரிக்கை விழுந்தாலும் குறுகலானது நிற்கும். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க வேண்டும். நீங்கள் தமிழில் நினைத்ததை எழுதுகிறவர் சரியாகப் பிடித்தாரா என்று இந்தக் கோரிக்கைகளை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டன்ட் எங்கே, எவ்வளவு நாளில் கிடைக்கும்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். விண்ணப்பம் 18 மாதம் கழித்து பேட்டன்ட் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். ஆனால் அது தானாகப் பரிசோதனைக்குப் போகாது. பரிசோதிக்கும்படி நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும், முதலில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். இதை மறந்து விண்ணப்பத்தையே இழந்தவர்கள் உண்டு. பிறகு பரிசோதகர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கிடைத்தால், தாக்கல் செய்த தேதியிலிருந்து 20 ஆண்டு. கிடைத்த தேதியிலிருந்து அல்ல. மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக் கட்டணம் கட்டி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்திய பேட்டன்ட் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். 'உலக பேட்டன்ட்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

கையேடு எழுதினோம், பாட்டு போட்டோம். பதிவு செய்தால்தான் பதிப்புரிமையா?

வேண்டியதில்லை. எழுதிய, வரைந்த, ஒலிப்பதிவு செய்த அந்த நிமிடமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்துகொண்டால் தகராறு வரும்போது கையில் ஒரு சான்று இருக்கும், அவ்வளவுதான்.

எழுத்துக்கும் ஓவியத்துக்கும், படைத்தவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 2000-ஆம் ஆண்டு மே மாதம் இறந்த எழுத்தாளரின் எழுத்துக்கு 2060 டிசம்பர் கடைசி வரை உரிமை இருக்கும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களை இதற்கு முன்பே யாரும் அச்சிட முடிவது, அரசு பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்கிப் பொதுவாக்கியதால்தான். பாரதியாரின் எழுத்துகளின் உரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது.

பணம் கொடுத்துத்தானே எழுத வைத்தோம், அப்போது கையேடு எங்களுடையதுதானே?

எழுதியவர் உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர், வேலையின் பகுதியாக எழுதினார் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உங்களுடையது. வெளியாளிடம் கொடுத்து எழுதி வாங்கினால் பதிப்புரிமை எழுதியவருடையது. கூலி கொடுத்ததால் மட்டும் அது கைமாறாது. எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும்.

அந்தப் பத்திரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுக்கு மட்டும் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 'முழு உரிமையும் கொடுக்கிறேன்' என்று மொட்டையாக எழுதி வாங்கியவர், ஆறாம் ஆண்டில் அதே கையேட்டைத் திரும்ப அச்சிட்டாலோ மலேசியாவுக்குச் சரக்கு அனுப்பினாலோ மாட்டிக்கொள்வார். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்ற இந்த வரியைச் சேர்க்கச் செலவு ஒன்றும் இல்லை.

எங்கள் கையேட்டைப் பார்த்து இன்னொருவர் அதே செய்முறையைத் தன் வார்த்தையில் எழுதிவிட்டார். வழக்குப் போடலாமா?

பதிப்புரிமையில் முடியாது. அது சொன்ன விதத்தைக் காக்கும், சொன்ன விஷயத்தைக் காக்காது. 'நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, உளுந்தைத் தனியாக ஆட்டு' என்பது யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் எழுதிய பத்தியையும் எடுத்த படத்தையும் தூக்கிப் போட்டால்தான் குற்றம். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதன் வடிவத்துக்கும் வெளிப்பாட்டுக்கும்தான் என்பதை 1978-இல் உச்ச நீதிமன்றமே ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் நடந்த வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எப்படிப்பட்ட பெயர் வணிகக்குறியாக நிற்கும்?

பொருளை வர்ணிக்காத பெயர். 'பஞ்சு மாவு கிரைண்டர்' என்று வைத்தால் வாங்குகிறவருக்கு உடனே புரியும், விற்கவும் சுலபம். அதனாலேயே அது பலவீனமான குறி. எல்லாக் கிரைண்டர்காரருக்கும் 'பஞ்சு மாதிரி மாவு' என்று சொல்லும் உரிமை உண்டு, அதை ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. 'மைனா'வுக்கும் மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் அதன் பலம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஐடிசி தன் நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று போட்டிருந்தது, நெஸ்லே தன்னுடையதில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டது. ஐடிசி வழக்குத் தொடுத்தது. 2020-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் சொல், அதை ஒரு நிறுவனம் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், 'சூப்பர்', 'பெஸ்ட்', 'நம்பர் ஒன்' என்று பெயர் தேடுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

பெயரை முடிவு செய்யும் முன் ipindia.gov.in தளத்தில் தேடுங்கள். எழுத்தை வைத்து மட்டும் தேடாமல் ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். 'மைனா', 'மய்னா', 'மைன்னா' என எழுத்து மாறினாலும் காதுக்கு ஒன்றுதான், சட்டம் காதையும் பார்க்கும். மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன. கிரைண்டர் 7-ஆம் வகுப்பு, மசாலாவும் காப்பியும் 30-ஆம் வகுப்பு. 'மைனா' காப்பி என்று ஒருவர் ஏற்கெனவே வைத்திருப்பதால் மட்டும் 'மைனா' கிரைண்டர் அடிபட்டுப் போகாது. மிகப் புகழ்பெற்ற பெயர்கள் மட்டும் வகுப்பு தாண்டியும் காக்கப்படும். ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். இதழில் வெளியான பிறகு நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம்.

நாங்கள் பதியவே இல்லை, இருபது வருடமாக அந்தப் பெயரில் விற்கிறோம். இப்போது வேறொருவர் பதிந்துவிட்டார். எங்கள் கதி?

பயப்பட வேண்டாம், ஆனால் பில்களைத் தேடி எடுங்கள். அவர் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிந்ததற்கும் முன்பிருந்தே நீங்கள் விடாமல் பயன்படுத்தி வந்திருந்தால், பதிவு வைத்திருப்பவர்கூட உங்களைத் தடுக்க முடியாது என்று 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. தேதி போட்ட ரசீது, பழைய விளம்பரம், வரிக் கணக்கு, பெட்டி அச்சடித்த பிரஸ்ஸின் பில் இவைதான் உங்களைக் காப்பாற்றும். நடுவில் சில வருடம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்திருந்தால் நிலைமை மோசம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பதிவு கிடைக்கும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியைப் பெட்டியில் அச்சிடாதீர்கள். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவது தண்டனைக்குரியது. 'டிஎம்' என்ற குறியை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

கிரைண்டரின் அழகான வடிவத்தை எது காக்கும்?

அது நான்காவது ஒன்று: வடிவமைப்புப் பதிவு. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வடிவமைப்பாகப் பதியக் கூடிய ஒன்றைப் பதியாமல், தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் அந்தப் பதிப்புரிமை முடிந்துபோகிறது. இதையும் சந்தைக்கு விடும் முன்பே பதிய வேண்டும்.

'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயரை நாங்கள் எங்கள் குறியாகப் பதியலாமா?

கூடாது. அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். எந்த ஒரு பட்டறைக்கும் சொந்தமில்லை, அந்தப் பகுதியில் உரிய முறையில் செய்கிற எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் பெட்டியில் அதைப் போட விரும்பினால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டு, உங்கள் சொந்தப் பெயரோடு சேர்த்துப் போடுங்கள்.

20 வருடம் முடிந்ததும் எல்லாம் போய்விடுமா?

பேட்டன்ட் போய்விடும். இருபதாம் ஆண்டு முடிந்த மறுநாளே ஸ்பிரிங் வைத்த பலகையை ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கான வரைபடமும் விளக்கமும் உங்கள் விண்ணப்பத்திலேயே எல்லோரும் படிக்கும்படி இருக்கும். அதுதான் அரசோடு நீங்கள் செய்துகொண்ட பேரம். முழுதாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், பதிலுக்கு 20 ஆண்டு தனி உரிமை பெறுகிறீர்கள். அப்போதும் அவர்கள் உங்கள் கையேட்டின் பக்கங்களை நகலெடுக்க முடியாது, பதிப்புரிமை ஓடிக்கொண்டிருக்கும். 'மைனா' என்று பெயர் போடவும் முடியாது. வணிகக்குறியைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்குக் கடைசித் தேதி கிடையாது. ஆனால் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டும் மூன்று மாதமும் தொடர்ந்து சும்மா போட்டு வைத்தால், அதை நீக்கச் சொல்லி இன்னொருவர் விண்ணப்பிக்கலாம்.